நாலு கஸ்டமருக்கு பில்லிங் சாஃப்ட்வேர் தேவையா?

வீட்டிலிருந்தே சின்னதாகத் தொழில் செய்பவர்கள் சிலருக்கு நான் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அவர்களில் அநேகமாக எல்லோரும் ஒரு கட்டத்தில் கேட்டுவிடும் கேள்வி இது: "எத்தனை கஸ்டமர் வந்ததும் எக்செல்லை விட்டுட்டு சாஃப்ட்வேருக்குப் போகணும்?" பத்தா, இருபதா, ஐம்பதா என்று ஒரு எண்ணை எதிர்பார்ப்பார்கள். அப்படி ஓர் எண் என்னிடம் இல்லை. கஸ்டமர் எண்ணிக்கையை வைத்து இதை முடிவு செய்தால் பெரும்பாலும் தப்பாகத்தான் போகும்.

நாற்பது பேருக்கு பில் போட்டு, நாற்பது பேரும் முழுப் பணத்தையும் ஒரே தடவையில் கொடுத்துவிட்டால் அந்தக் கணக்கை ஒரு நோட்டில்கூட எழுதலாம். மூன்றே மூன்று கஸ்டமர், ஆனால் ஒருவர் அட்வான்ஸ் தருகிறார், இன்னொருவர் மூன்று பில்லுக்குச் சேர்த்து ஒரு தொகை அனுப்புகிறார், மற்றவர் பாதி வேலையை நடுவில் வேண்டாம் என்கிறார் என்றால் அங்கேதான் கணக்கு சிக்கலாகும். பில் நம் கையை விட்டுப் போன பிறகு அதற்கு எத்தனை விஷயங்கள் நடக்கின்றன என்பதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். பில் போடுவது எதிலும் சுலபம்தான்.

என் தோழி ஒருத்தி வீட்டிலேயே புத்தகப் பக்க வடிவமைப்பு செய்கிறாள். கஸ்டமர் மொத்தம் நாலு பேர். "நாலு பேருக்கு பில் போட சாஃப்ட்வேர் எதுக்குடி? மாசாமாசம் சந்தா வேற கட்டணும்" என்பது அவள் கட்சி. அவள் ஃபைலைத் திறந்து பார்த்தேன். ஒரே ஒரு ஷீட். வரிசைக்கு ஒரு பில்: தேதி, பெயர், தொகை, கடைசியில் `Paid` என்று ஒரு பத்தி. அதில் Yes, No, சில இடங்களில் `half`, ஓர் இடத்தில் `balance soon`.

வீட்டுத் தொழில் எக்செல் ஃபைல்களில் நான் அதிகம் பார்ப்பது இந்த `Paid` பத்தியைத்தான். பில்லும் பணமும் ஒன்றுக்கு ஒன்று என்று இருக்கும்வரை அது சரியாகவே வேலை செய்யும். பணம் பிரிந்து வர ஆரம்பித்த நாளிலிருந்து அது உளற ஆரம்பித்துவிடும். `half` என்ற சொல்லைக் கூட்டிக் கழிக்க எந்த ஃபார்முலாவாலும் முடியாது. எவ்வளவு பாக்கி என்று யாராவது கேட்டால் பேங்க் ஸ்டேட்மென்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்து தேட வேண்டியதுதான்.

இதைச் சரிசெய்ய சாஃப்ட்வேர் தேவையில்லை. பில்லுக்கு ஒரு ஷீட், பணத்துக்குத் தனியாக ஒரு ஷீட் என்று பிரித்தால் போதும். `Invoices` ஷீட்டில் பில் எண், கஸ்டமர், தேதி, கெடு தேதி, மொத்தத் தொகை, பாக்கி. `Payments` ஷீட்டில் தேதி, எந்தப் பில், என்ன வகை, எவ்வளவு. அவ்வளவுதான். பாக்கி என்ற பத்தியில் கையால் எதையும் எழுதக் கூடாது. அது கணக்குப் போட்டு வருவதாக இருக்க வேண்டும்.

அவளுடைய ஒரு கஸ்டமரின் கதையை இதில் ஓட்டிப் பார்த்தோம். எண்களைப் புரிவதற்காகக் கொஞ்சம் முழுசாக்கித் தருகிறேன். A041 பில் 12,000. A042 பில் 8,500. A043 பில் 6,000. முதல் வேலை தொடங்கும் முன்பே 5,000 அட்வான்ஸ் வந்திருக்கிறது. பிறகு ஒரு நாள் பேங்கில் 15,350 விழுகிறது. அவர் அனுப்பியது 15,500. நடுவில் பேங்க் 150 பிடித்துக்கொண்டது. அதில் எது எந்தப் பில்லுக்கு என்று அவர் சொல்லவில்லை. கேட்டதும், "ரெண்டு பழைய பில்லுக்கும் சேர்த்து" என்றார். கட்டணத்தை யார் ஏற்பது என்ற பேச்சில் இவளே விட்டுக்கொடுத்துவிட்டாள். கடைசியாக மூன்றாவது வேலையில் ஒரு பகுதியை அவர் ரத்து செய்தார். அதற்கு 1,500 குறைத்து ஒரு கிரெடிட் நோட் கொடுத்தாள். `Payments` ஷீட்டில் இது இப்படி உட்காரும்:

```
Date        Invoice  Type     Amount
2025-03-03  A041     advance    5000
2025-04-18  A041     bank       7000
2025-04-18  A042     bank       8350
2025-04-18  A042     charge      150
2025-04-25  A043     credit     1500
```

பேங்கில் ஒரே தொகையாக வந்த 15,350 இங்கே இரண்டு வரிகளாகப் பிரிந்திருப்பதைக் கவனியுங்கள். 7,000 A041-ஐ முடித்துவிட்டது. மீதி 8,350 A042-க்குப் போனது. பேங்க் பிடித்த 150-ஐ மூன்றாவது வரியாக எழுதாமல் விட்டால் A042-இல் 150 பாக்கி என்று ஆண்டு முழுவதும் நின்றுகொண்டே இருக்கும். பலர் அந்த நிலையில் எரிச்சல் தாங்காமல் பில்லின் மொத்தத் தொகையையே 8,350 என்று திருத்திவிடுவார்கள். அப்படிச் செய்தால் கஸ்டமர் கையில் இருக்கும் பில்லும் நம் ஃபைலில் இருக்கும் பில்லும் வேறு வேறாகிவிடும். 150 என்பது நம் செலவு; செலவாகவே எழுத வேண்டும்.

`Invoices` ஷீட்டின் பாக்கிப் பத்தியில் போட வேண்டியது ஒரே ஃபார்முலா. A பத்தியில் பில் எண், E பத்தியில் மொத்தத் தொகை என்று வைத்துக்கொண்டால்:

```
=E2-SUMIFS(Payments!D:D,Payments!B:B,A2)
```

A041-க்கு 0, A042-க்கு 0, A043-க்கு 4,500. `advance`, `bank` என்று வகை போட்ட வரிகளை மட்டும் கூட்டினால் 20,350 வரும். பேங்க் ஸ்டேட்மென்டில் அந்தக் கஸ்டமரிடமிருந்து வந்தவற்றைக் கூட்டினாலும் அதே 20,350 வர வேண்டும். மாதம் ஒரு தடவை இந்த ஒரு ஒப்பீட்டைச் செய்தால் பேங்கில் வந்தும் எழுதாமல் விட்டுப்போன வரவு அகப்பட்டுவிடும்.

பில் எண்ணுக்கு முன்னால் அந்த `A` எதற்கு என்று அவள் கேட்டாள். வெறும் 041 என்று அடித்தால் எக்செல் அதை 41 ஆக்கிவிடும். சிலர் 3-12 என்று மாதத்தையும் எண்ணையும் சேர்த்து எழுதுவார்கள். அது சட்டென்று ஒரு தேதியாக மாறிவிடும். இன்னும் குழப்பம், `SUMIFS` மாதிரி சில ஃபார்முலாக்களுக்கு 041-உம் 41-உம் ஒன்று. `XLOOKUP` மாதிரி வேறு சிலவற்றுக்கு எழுத்தாக இருக்கும் 041 வேறு, எண்ணாக இருக்கும் 41 வேறு. முன்னால் ஓர் எழுத்து இருந்துவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஒரே எண்ணை இரண்டு பில்லுக்குக் கொடுத்துவிட்டோமா என்று பார்க்க, `=COUNTIF(A:A,A2)>1` என்பதை Conditional Formatting-இல் சிவப்பு நிறத்தோடு போட்டு வைத்தால் இரண்டு தடவை வந்த எண் சிவப்பாகத் தெரியும். அனுப்பும் முன்பே ரத்தான பில்லாக இருந்தாலும் அதன் வரியை அழிக்காதீர்கள். தொகையைப் பூஜ்யமாக்கி, பக்கத்தில் ரத்து என்று எழுதி வையுங்கள். வரி அலுவலகங்கள் பில் எண்கள் வரிசையாக இருப்பதைப் பார்ப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் வாட் வழிகாட்டுச் சட்டம், அதன் 226-ஆவது பிரிவில், வரிசையான, தனித்த எண்ணை பில்லில் இருக்க வேண்டியவற்றில் ஒன்றாகவே சொல்கிறது. நடுவில் ஓர் எண் காணாமல் போனால் அந்த பில் எங்கே என்ற கேள்வி வரும்.

இதுவரை எக்செல் பக்கமே பேசிவிட்டேன். பாக்கிக் கணக்கில் அதை நான் நம்புகிறேன். நம்பாத இடம் வேறு. அது பில் என்ற காகிதம்.

அனுப்பிய பில் அப்படியே உறைந்து நிற்க வேண்டும். எக்செல்லுக்கோ எதையும் உறைய வைக்கும் பழக்கம் கிடையாது. எப்போது திறந்தாலும் அந்த நிமிஷத்துக் கணக்கைத்தான் காட்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பில் டெம்ப்ளேட்டுகள் சிலவற்றில் தேதி இருக்கும் செல்லில் `=TODAY()` என்று போட்டிருப்பார்கள். அன்றைக்கு அழகாகத் தேதி வரும். மூன்று மாதம் கழித்து அதே ஃபைலைத் திறந்தால் திறந்த நாளின் தேதி இருக்கும். அதைவிட விஷமம், கெடு தேதியாக `=TODAY()+30` இருப்பது. அந்த பில் ஒருநாளும் கெடு தாண்டாது. எப்போது பார்த்தாலும் இன்னும் 30 நாள் பாக்கி இருக்கும். உங்கள் ஃபைலில் இந்தக் கோளாறு இருக்கிறதா என்று அறிய, பழைய பில்கள் இரண்டைத் திறந்து பாருங்கள். இரண்டிலும் இன்றைய தேதி இருந்தால் விஷயம் முடிந்தது. தேதியை `Ctrl+;` அழுத்தி இடுங்கள். அது மாறாத தேதியாக விழும்.

அதே கோளாறு விலையிலும் முகவரியிலும் வேறு வேஷத்தில் வரும். கொஞ்சம் எக்செல் தெரிந்தவர்கள் விலைப்பட்டியலைத் தனி ஷீட்டில் வைத்து, பில்லில் `XLOOKUP` போட்டு எடுப்பார்கள். பார்க்க மிகக் கெட்டிக்காரத்தனமாக இருக்கும். புது வருஷத்தில் கட்டணத்தை உயர்த்தி விலைப்பட்டியலைத் திருத்திய மறுகணம், போன வருஷத்துப் பில்கள் எல்லாமே புது விலைக்கு மாறிவிடும். கஸ்டமர் 8,500 கட்டியிருப்பார். ஃபைலில் பில் 9,200 என்று நிற்கும். 700 பாக்கி என்று நம் ஷீட் சத்தியம் செய்யும். நன்றாகச் செய்யப்பட்ட பில்லிங் சாஃப்ட்வேர் இந்த இடத்தில்தான் காசுக்கு வேலை செய்கிறது. பில்லை உருவாக்கும்போது அன்றைய விலையையும் பெயரையும் முகவரியையும் அந்த பில்லோடேயே நகலெடுத்து வைத்துக்கொள்கிறது. பிறகு பட்டியலில் நீங்கள் என்ன மாற்றினாலும் பழைய பில் அசையாது.

எக்செல்லிலேயே இருக்க விரும்பினால் அந்த உறைதலை நாமே செய்ய வேண்டும். பில்லை பிடிஎஃப் ஆக்கி, பில் எண்ணையே ஃபைல் பெயராக்கி, ஒரு ஃபோல்டரில் போட்டுவிட வேண்டும். அனுப்பியது அந்த பிடிஎஃப்தான். டெம்ப்ளேட் அடுத்த பில்லுக்கான அச்சு மட்டுமே. `Invoices` ஷீட்டில் மொத்தத் தொகையை எண்ணாகவே அடிக்க வேண்டும், டெம்ப்ளேட்டிலிருந்து இணைப்புப் போட்டு இழுக்கக் கூடாது. அனுப்பிய பிறகு தப்பு தெரிந்தால் பிடிஎஃப்பை மாற்றாமல் கிரெடிட் நோட் கொடுக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. அவசரமாக அனுப்ப வேண்டிய நாளில் போன பில்லின் ஃபைலையே நகலெடுத்து, பெயரை மாற்றி, முகவரியை மாற்ற மறந்து, ஒரு கஸ்டமரின் விவரத்தை இன்னொருவருக்கு அனுப்பிவிடுபவர்கள் நிறையப் பேர்.

சில்லறை விஷயம் ஒன்று, ஆனால் கஸ்டமர் கண்ணில் முதலில் படுவது அதுதான். மணிக்கு 31 என்று கட்டணம். இருபது நிமிட வேலை மூன்று. ஒவ்வொரு வரியும் உண்மையில் 10.3333. இரண்டு தசமம் காட்டச் சொன்னதால் 10.33 என்று தெரியும். மூன்றையும் எக்செல் கூட்டினால் 31.00, கஸ்டமர் காகிதத்தில் இருப்பதைக் கூட்டினால் 30.99. ஒரு பைசாதான், ஆனால் "உங்க கூட்டலே சரியில்லையே" என்று ஒரு மின்னஞ்சல் வரும். விற்பனை வரித் தொகையிலும் இதே கதை நடக்கும். நேரம் B பத்தியில், கட்டணம் C பத்தியில் என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிசையிலும் `=ROUND(B2*C2,2)` என்று போட்டுவிட்டால் கண்ணில் தெரிவதும் கூட்டுவதும் ஒன்றாகும்.

சாஃப்ட்வேர் பக்கமும் எல்லாம் ரோஜாப்பூ இல்லை. என் தோழிக்காக ஒன்றிரண்டை இலவசச் சோதனைக் காலத்தில் போட்டுப் பார்த்தோம். அதே கஸ்டமரின் கதையை அதில் ஓட்டினோம். மூன்று பில்கள் நொடியில் போட்டாயிற்று. அட்வான்ஸில் தடுமாற்றம். பில்லே இல்லாமல் வந்த பணத்தை எங்கே எழுதுவது? பல சாஃப்ட்வேர்களில் அதற்கென்று, எந்த பில்லிலும் சேர்க்காத வரவு என்று ஓர் இடம் இருக்கும்; பிறகு பில் போட்டதும் அதில் பொருத்த வேண்டும். அந்த இடம் தெரியாதவர்கள் அட்வான்ஸுக்கே 5,000-க்கு ஒரு பில் போட்டுவிடுவார்கள், வேலை முடிந்ததும் 12,000-க்கு முழு பில்லும் போடுவார்கள். ஆண்டு முடிவில் வருமானம் 17,000 என்று அறிக்கை வரும். எக்செல்லில் இந்தத் தப்பு நடந்தால் கண்ணில் படும். சாஃப்ட்வேரின் அழகான வரைபடத்துக்குள் நடந்தால் யாருக்கும் சந்தேகமே வராது.

15,350 வந்தபோதும் ஒரு விளையாட்டு. மொத்தத் தொகையை உள்ளிட்டதும் அது தானாகவே பழைய பில்லிலிருந்து தொடங்கிப் பங்கிட்டது. இந்தக் கஸ்டமர் விஷயத்தில் அது சரியாகவே இருந்தது. ஆனால் தகராறில் இருக்கும் பழைய பில்லை ஒதுக்கிவிட்டுப் புதியதற்கு மட்டும் கஸ்டமர் பணம் அனுப்பினால் இந்தத் தானியங்கிப் பங்கீடு தகராறு பில்லைத் தீர்ந்ததாகக் காட்டும். முழுசாகப் பணம் வந்த பில்லுக்கு நினைவூட்டல் மின்னஞ்சல் போகும். பணம் கொடுத்தவருக்கு "நீங்கள் இன்னும் கட்டவில்லை" என்று போகும் கடிதத்தை விட நாலு கஸ்டமர் தொழிலுக்குப் பெரிய கெடுதல் இருக்க முடியாது. தானியங்கி நினைவூட்டலை நான் எல்லோருக்கும் நிறுத்தி வைக்கச் சொல்வேன். நாலு பேர்தானே, போன் செய்து கேட்கலாம்.

சந்தா கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியது வெளியே வரும் வழி. ஒரு போலி கஸ்டமரை உருவாக்கி, இரண்டு பில் போட்டு, இரண்டுக்கும் சேர்த்து ஒரு தொகை வந்ததாக எழுதுங்கள். பிறகு எல்லாவற்றையும் சிஎஸ்வி ஃபைலாக ஏற்றுமதி செய்து திறந்து பாருங்கள். பில்கள் வந்திருக்கும், பணமும் வந்திருக்கும். எந்தப் பணம் எந்த பில்லுக்கு எவ்வளவு என்ற அந்த இணைப்பு வந்திருக்கிறதா? அதுதான் மேலே நாம் ஐந்து வரிகளில் எழுதியது. அது வராவிட்டால் சந்தாவை நிறுத்தும் நாளில் உங்கள் பாக்கிக் கணக்கையும் அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். பில்களின் பிடிஎஃப்களை மொத்தமாக இறக்க முடிகிறதா, ஒவ்வொன்றாகத்தானா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

சில ஊர்களில் இந்த விவாதத்துக்கே இடமில்லை. இத்தாலியில் 2019-இலிருந்து பெரும்பாலான பில்கள் எக்ஸ்எம்எல் வடிவில் அரசின் பரிமாற்ற அமைப்பு வழியாகத்தான் போக வேண்டும். எக்செல்லில் செய்த பிடிஎஃப் அங்கே பில்லாகவே கருதப்படாது. மற்ற நாடுகள் பலவும் அந்தத் திசையில் நகர்கின்றன. உங்கள் கஸ்டமர் பெரிய நிறுவனமாக இருந்து, தங்கள் இணையதளத்திலோ குறிப்பிட்ட மின்வடிவிலோதான் பில் வேண்டும் என்று சொன்னாலும் முடிவு உங்கள் கையில் இல்லை.

அப்படி எந்தக் கட்டாயமும் இல்லாதபோது நான் பார்ப்பது `Payments` ஷீட்டைத்தான். பில்லுக்கு ஒன்று அல்லது இரண்டு வரிதான் இருக்கிறது, எழுதுபவர் ஒருவரே, மாதத்துக்கு விரல்விட்டு எண்ணும் பில்கள் என்றால் எக்செல்லிலேயே இருங்கள் என்பேன். மாதாமாதம் அதே கஸ்டமருக்கு அதே தொகைக்கு பில் போட வேண்டியிருந்தால், அல்லது வீட்டில் இன்னொருவரும் அதே ஃபைலில் கை வைக்க ஆரம்பித்தால், அல்லது ஒரே பில்லில் இரண்டு மூன்று விதமான வரி விகிதம் வந்தால் சாஃப்ட்வேர் பக்கம் சாய்வேன். இரண்டு பேர் எழுதும் ஃபைலில் ஒருவர் ஒரே ஒரு பத்தியை மட்டும் வரிசைப்படுத்திவிட்டால் பெயர் ஒரு பக்கம், தொகை ஒரு பக்கம் என்று எல்லாம் இடம் மாறிப்போகும். அதை உடனே கவனித்தால் திரும்பப் பெறலாம். இரண்டு வாரம் கழித்துக் கவனித்தால் பிடிஎஃப் ஃபோல்டர்தான் துணை.

என் தோழி எக்செல்லிலேயே இருந்தாள், ஒரு வருஷம். பிறகு அவள் கணவரும் சேர்ந்து வேலை செய்ய ஆரம்பித்ததும் மாறினார்கள். மாறும்போது பழைய பில்கள் அத்தனையையும் ஏற்ற வேண்டும் என்று துடித்தார்கள்; வேண்டாம் என்றேன். கணக்காண்டின் முதல் நாளைத் தேர்ந்தெடுத்து, அன்றைக்குப் பாக்கி இருக்கும் பில்களை மட்டும் பழைய எண்ணோடும், பழைய தேதியோடும், முழுத் தொகையோடும் ஏற்றினோம். பாதி கட்டியிருந்தால் கட்டியதையும் அதனதன் தேதியில் எழுதினோம். மீதித் தொகைக்கு மட்டும் புது பில் போடுவது குறுக்குவழி, அது கஸ்டமர் கையில் இருக்கும் பில்லோடு ஒத்துப்போகாது. அடுத்த பில் எண் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை அமைப்புகளில் மாற்றினோம். இல்லாவிட்டால் அது 1-இலிருந்து ஆரம்பித்திருக்கும். கடைசியில் சாஃப்ட்வேர் காட்டிய மொத்தப் பாக்கியையும், பழைய ஷீட்டின் பாக்கிப் பத்தியின் கூட்டுத்தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். முதல் தடவை பொருந்தவில்லை: கிரெடிட் நோட் ஒன்றை ஏற்ற விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்த்ததும் இரண்டும் ஒன்றாயின. பழைய ஃபைலைப் படிக்க மட்டும் முடிகிற மாதிரி பூட்டி, பிடிஎஃப் ஃபோல்டரோடு சேர்த்து இரண்டு இடத்தில் நகல் வைத்தாள்.